இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கவும்

பொன்னழகின் வலது கையைத் தெரிந்தவர்கள் ஊர்ப்பட்ட பேர் இருந்தார்கள். முகத்தைத் தெரிந்தவர்கள் அவர் குடியிருந்த பேகம்பூர்ப் பக்கத்துத் தெருவோடு சரி.

கட்டைவிரலின் அடியில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த காலத்தில் வாங்கியது. அந்தத் தழும்போடுதான் கை வீடியோவில் வரும். வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் ஒரு போன், போனுக்கு மேல் பொன்னழகின் ஆள்காட்டி விரல். விரல் சட்டென்று எதையும் தொடாது. மேலே வந்து நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு இறங்கும். கரண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கம்பியை அணுகுகிறவன் விரல் அது. ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த விரலைப் பார்த்துத்தான் மகள் பவித்ராவுக்கு அந்த யோசனையே வந்தது. அவள் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்குப் போன் சொல்லிக்கொடுக்கப் போய், அவர் விரல் இறங்குகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, எல்லா வீட்டுலயும் பெரியவங்க இப்படித்தான் தொடுவாங்க. அவங்களுக்குன்னு யாருமே இந்த வேகத்துல வீடியோ போடல" என்றாள். ஒரு வீடியோ சேனல் தொடங்கி, 'பையத் தொடுங்க' என்று பெயர் வைத்தாள். ஒரு வீடியோவில் ஒரே விஷயம். எழுத்தைப் பெரிதாக்குவது ஒன்று. மணிச் சத்தத்தைக் கூட்டுவது ஒன்று. வீடியோ காலில் முகம் தெரியாமல் சுவர் தெரிந்தால் கேமராவைத் திருப்புவது ஒன்று. செய்ய வேண்டியது கறுப்புத் தரையில் மஞ்சள் எழுத்தாகத் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் இரண்டு தரம் படித்து முடிக்கும்வரை அது போகாது.

பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு அதைப் பெற்றவர்களுக்கு அனுப்பினார்கள். "அந்தக் கை எங்க ஐயா கை மாதிரியே இருக்கு" என்று கீழே எழுதினார்கள்.

பொன்னழகுக்கு மட்டும் ஒரு விஷயம் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

படம் எடுக்கும்போது பவித்ரா எதிரே உட்கார்ந்து, "அந்தப் பல்சக்கரம்பா… அது இல்ல, அதுக்கு மேல… ம், அதான்" என்பாள். அவர் தொடுவார். பிறகு அவள் அந்தப் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு, அழகாகத் தன் குரலைச் சேர்ப்பாள். முடித்துப் பார்த்தால், எல்லாம் தெரிந்த ஒருவர் நிதானமாகச் சொல்லித்தருகிற மாதிரி இருக்கும். பார்க்கும்போது பொன்னழகுக்கே யாரோ விவரமான ஆள் என்று தோன்றும். வீடியோ முடிந்ததும் அந்த விவரமான ஆள் எங்கே போய்விடுகிறார் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் சாயலாம் என்று பாயை உதறும்போது வாசலில் சடையாண்டி வந்து நின்றார். வத்தலக்குண்டு ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் சம்பங்கி போட்டிருக்கிறவர். பொன்னழகு வேலையில் இருந்தபோது அந்தப் பக்கத்து லைன் இவர் பொறுப்பு. கையில் தழும்பு வாங்கியதும் சடையாண்டியின் மோட்டார் கொட்டகையில்தான். சடையாண்டிக்கு மனைவி இல்லை. ஒரே மகள் சுகன்யா மஸ்கட்டில் நர்ஸ்.

"வாங்கண்ணே. வெயில்ல எதுக்கு?"

சடையாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து, கையில் சுருட்டி வைத்திருந்த துண்டை மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே போன். ஏதோ குஞ்சை எடுத்து வந்தவர் போல மெதுவாகத் தரையில் வைத்தார்.

"தொடு" என்றார்.

பொன்னழகு விரலை வைத்தார். போன் ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ சொன்னது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இதான் லைன்மேனு. எங்க தொட்டாலும் பேசுது. பேசுதே ஒழிய ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. தள்ளினா திறக்கல. நேத்தும் முந்தாநேத்தும் பாப்பா கூப்பிட்டா. பச்சையைத் தொடுறேன், இவ பேசுறா. திரும்பத் தொடுறேன், திரும்பப் பேசுறா. கட் ஆயிருச்சு."

அடுப்படியிலிருந்து மனைவி கண்ணம்மாள் தண்ணீரோடு வந்தாள். "யாருண்ணே பேசுறது? சுகன்யாவா?"

"சுகன்யாவா இருந்தா நான் ஏம்மா பஸ் ஏறி வாரேன்."

விஷயம் இதுதான். சடையாண்டி தனியாக இருப்பதில் மகளுக்கு இஷ்டமில்லை. பாலசமுத்திரத்தில் இருக்கிற தாய்மாமன் வீட்டில் போய் இருக்கச் சொல்கிறாள். இவருக்குச் சம்பங்கியை விட்டுப் போக மனசில்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாயங்காலம் அவள் டூட்டிக்குக் கிளம்புமுன் வீடியோ காலில் கூப்பிடுவாள். இவர் எடுத்து முகத்தைக் காட்ட வேண்டும். எடுக்கிறவரைக்கும் தனியாக இருக்கலாம். இரண்டு நாள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, "இன்னைக்கும் அப்பா எடுக்கலைன்னா நாளைக்கு மாமா காரோட வந்துருவாரு" என்று சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு எப்ப கூப்பிடும்?" என்றார் பொன்னழகு.

"ஆறு மணி போல."

"எங்க போன்ல இருந்து கூப்பிட்டுச் சொல்லிருவோமே, போன் ரிப்பேர்னு" என்றாள் கண்ணம்மாள்.

"சொன்னா என்ன சொல்லும் தெரியுமா? 'போன் கெட்டதுக்கே பஸ் ஏறி அடுத்த வீட்டுக்கு ஓடுறீங்க, உடம்பு கெட்டா என்ன பண்ணுவீங்க'ன்னு கேக்கும். அப்பவும் காருதான் வரும்."

"கடையில குடுத்துப் பார்ப்பமா?" என்றார் பொன்னழகு.

"போன தடவ குடுத்தேன். சரி பண்ணிட்டேன்னு சொல்லி உள்ள இருந்த அம்புட்டையும் அழிச்சுக் குடுத்தான். அவ ஆத்தா போட்டோவெல்லாம் அதுலதான் இருந்துச்சு." சடையாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு எதுக்குக் கடை? உன் கையைத்தானே ஊரே பார்க்குது. அந்தத் தழும்பைப் பார்த்ததுமே பாப்பாகிட்டச் சொன்னேன், இது நம்ம மோட்டார்ல வாங்குனதுன்னு. நீ நிமிஷத்துல முடிச்சிருவ."

பொன்னழகு கண்ணம்மாளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் பவித்ராவைக் கூப்பிட்டார். ஒட்டன்சத்திரத்தில் கல்யாணம், காலையிலேயே கேமராக்காரர்களோடு போயிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள். மணிச் சத்தத்தை நிறுத்துவதும் கூட்டுவதும் பற்றி அவர்கள் போட்ட வீடியோ நினைவுக்கு வந்தது. அடுத்தவர் போன் சத்தத்தை இங்கிருந்து கூட்ட முடியுமா என்று அதில் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் போனைக் கையில் எடுத்தார். தெரியாத லைனில் கை வைக்காதே என்பதுதான் வேலையில் அவர் முதலில் கற்றுக்கொண்ட பாடம். சப்ளையை நிறுத்து, எர்த் போடு, பிறகு தொடு. இதில் சப்ளையை எங்கே நிறுத்துவது? விரல் மேலே போய் நின்றது. சடையாண்டி, வீடியோவில் பார்த்த அதே விரலை நேரில் பார்க்கிற பக்தியோடு குனிந்தார். விரல் இறங்கியது. தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. போன் பேசியது. வேறோர் இடத்தைத் தொட்டார். கட்டம் அங்கே தாவியது. பேச்சு மாறியது. வேறொன்றும் நடக்கவில்லை.

"என்ன சொல்லுது?" என்றார் சடையாண்டி.

"அது… சொல்லுது."

"அதான் என்னன்னு."

"கடைசியில டபுளு டபுளுன்னு முடிக்கிதுங்க" என்றாள் கண்ணம்மாள். "ரெண்டு மாச ரீசார்ஜ் கேக்குதோ என்னமோ."

"நேத்துதான் போட்டேன்" என்றார் சடையாண்டி பாவமாக.

பொன்னழகு தன் போனை எடுத்து 'பையத் தொடுங்க' முழுவதையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பேசுகிற போனுக்கு வீடியோ இல்லை. தன் கையே தன்னைக் கைவிட்ட மாதிரி இருந்தது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று கண்ணம்மாள் சொன்னாள். ஓரத்துப் பட்டனைப் பிடித்து அமுக்கினார்கள். அணைக்கவா என்று கேட்கிற திரை வந்தது. அதைத் தொட்டால் அதுவும் பேசியது, அணையவில்லை. அணைக்கக்கூட விடமாட்டேன் என்கிற ஒரு சாமானை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

வெயில் இறங்கி, வாசல் படியில் நிழல் விழுந்தது. கண்ணம்மாள் டீ போட்டாள். யாரும் குடிக்கவில்லை.

"அண்ணே, இது எப்படி ஆரம்பிச்சது? அதைச் சொல்லுங்க" என்றார் பொன்னழகு. பழுது பார்க்கப் போகிற இடத்தில் எப்போதும் கேட்கிற கேள்வி. இவ்வளவு நேரம் அதைக் கேட்காமல் இருந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

சடையாண்டி கொஞ்சம் கூச்சப்பட்டார். "பாப்பா மூஞ்சி வீடியோவுல வருதுல்ல. வச்சதும் போயிருது. அதைப் போட்டோவாப் பிடிச்சு வச்சுக்கிறலாம்னு நீதானே ஒரு வீடியோ போட்டிருந்த. பாப்பாதான் அனுப்புச்சு. அது மாதிரியே செஞ்சேன். அச்சுப் பிசகல."

"செஞ்சு காட்டுங்க."

"உன் வீடியோவையே காட்டுறேன். உன் போனைக் குடு."

வீடியோ ஓடியது. கை வந்தது. கட்டைவிரல் போனின் வலப்பக்க விளிம்பில் போய், அங்கே மேலும் கீழுமாக இருந்த பட்டன்களில் படிந்து அமுக்கியது. அமுக்கியபடியே இருந்தது. பாதித் திரையை அடைத்து மஞ்சள் எழுத்து: 'ஓரத்தில் உள்ள இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கவும்.'

"பார்த்தியா? ஓரத்துல ரெண்டு. என் போன்லயும் ஓரத்துல ரெண்டு." சடையாண்டி தன் போனைத் திருப்பினார். இடப்பக்கம் இரண்டு பட்டன். "நீ பிடிச்ச மாதிரியே பைய அமுக்கிப் பிடிச்சேன். நீ விடுற வரைக்கும் நானும் விடல. ஒரு கட்டம் வந்துச்சு, இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. சரிங்கிற மாதிரி ஒண்ணைத் தொட்டேன். அதுல இருந்து பேசுறா."

பொன்னழகு தன் போனையும் அவர் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன்னுடையதில் ஓரத்துப் பட்டன் எல்லாம் வலப்பக்கம்தான். மேலே சத்தத்துக்கு உள்ளது, கீழே திரையை அணைக்க உள்ளது. சடையாண்டியுடையதில் வலப்பக்கம் ஒன்றே ஒன்று. இடப்பக்கத்து இரண்டும் சத்தத்துக்கு உள்ளவை. ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க.

'எந்த இரண்டு பட்டன்' என்று வீடியோவில் எங்கேயும் இல்லை. படம் எடுத்த அன்று பவித்ரா பட்டன் பெயர்களையும் எழுதிப் பார்த்தாள். எழுத்து பெரிசு, திரையில் அடங்கவில்லை. எடுத்துவிட்டாள். பொன்னழகு அமுக்கியது என்னவோ கண் மூடித் திறக்கிற நேரம்தான். பெரியவர்களுக்குத் தெரியட்டும் என்று அவள்தான் அந்த இடத்தை எடிட்டிங்கில் இழுத்து மெதுவாக ஓடவிட்டாள். எழுத்து பெரிசாக இருந்ததும் தப்பா? மெதுவாக ஓடியதும் தப்பா? அதற்காகத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள்?

"என்ன லைன்மேனு, பிடிபட்டுச்சா?"

"அண்ணே…" என்று தொடங்கினார். அதற்குள் தரையில் கிடந்த போன் மணி அடித்தது.

திரை முழுக்கச் சுகன்யாவின் படம். கீழே பச்சை, சிவப்பு. மணிச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் வேறு. சடையாண்டி பச்சையைத் தொட்டார். சுற்றிலும் கட்டம் விழுந்தது. "ஆன்சர்" என்று தொடங்கி, டபுள் என்று என்னவோ சொல்லி முடித்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொன்னழகு தள்ளிப் பார்த்தார். கட்டம் சிவப்புக்கு ஓடியது. பதறிப் பச்சையைத் தொட்டு மறுபடி கொண்டுவந்தார்.

"நிக்கப் போகுது, நிக்கப் போகுது" என்றார் சடையாண்டி. "காரு வந்துரும்."

சடையாண்டிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கரகரவென்று இரைகிற பழைய ரேடியோவின் தலையில் தட்டுவது மாதிரி, போனின் நெற்றியில் விரலால் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

மணி நின்றது.

மூன்று பேரும் உறைந்துபோய்ப் பார்த்தார்கள். திரையில் வெள்ளை உடுப்பில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா? ஏம்ப்பா ரெண்டு நாளா எடுக்கல?"

சடையாண்டி போனைக் கையில் எடுத்தார். விரல் பட்ட இடத்தில் அந்தக் குரல் எதையோ படித்தது.

"கூட யாருப்பா இங்கிலீஷ்ல பேசுறது?"

"டிவி தாயி."

"நம்ம வீட்டுல ஏது இங்கிலீஷ் டிவி? இது எந்தச் சுவரு? எங்க இருக்கீங்க?"

சடையாண்டி பொன்னழகைப் பார்த்தார். போனைச் சரியாகப் பிடிப்பதற்காகப் பொன்னழகு கை நீட்டியபோது, கை மட்டும் படத்துக்குள் போனது.

"அப்பா, இருங்க. அந்தக் கையை அப்படியே காட்டுங்க. தழும்பு… அது 'பையத் தொடுங்க' கைதானே?"

பொன்னழகுக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுத்துக்கொண்டால் கதை அத்தோடு முடிந்தது. சடையாண்டி ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிப்பார். நாளைக்கோ நாளை மறுநாளோ இந்தப் போன் மறுபடி ஏமாற்றும், கார் வரும். அவர் வீடியோ மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

முகத்தைப் போன் முன்னால் கொண்டுபோனார்.

"அம்மா, நான் பொன்னழகு. லைன்மேன். உங்க அப்பா உன் மூஞ்சியைப் போட்டோ பிடிக்கணும்னு எங்க வீடியோவைப் பார்த்து அது மாதிரியே செஞ்சிருக்காரு. வீடியோவுல எந்தப் பட்டன்னு நாங்க சொல்லல. அவர் மேல தப்பே இல்ல. இதை எப்படிச் சரி பண்ணன்னும் எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. எம்மக சொல்லுற இடத்துல நான் கையை வைப்பேன், அம்புட்டுத்தான்."

சடையாண்டி லைன்மேனை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"போட்டோ எதுக்குப்பா?" என்றாள் சுகன்யா. "கேட்டா நான் அனுப்ப மாட்டேனா?"

"நீ அனுப்புறது சிரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ. எனக்கு எங்கிட்டப் பேசுற மூஞ்சி வேணும்."

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. பவித்ரா கல்யாண வீட்டுப் பட்டுச் சேலையோடு உள்ளே வந்தாள். "எத்தனை மிஸ்டு கால்பா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், போன் பேசுவதைக் கேட்டதும் நின்றாள். வாங்கி, இடப்பக்கத்து இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். குரல் ஏதோ கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு அடங்கியது. கட்டம் போனது. வீடு திடீரென்று அமைதியானது.

"அதே பட்டனா?" என்றார் சடையாண்டி.

"அதேதான் மாமா. கண்ணு தெரியாதவங்களுக்காக வச்சது. தொட்டா என்னன்னு படிச்சுச் சொல்லும், ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் வேலை செய்யும்."

"அதான் அவ்வளவு நேரமா டபுளு டபுளுன்னு சொல்லிருக்கு" என்றாள் கண்ணம்மாள். "அண்ணனாவது ரெண்டு போட்டாரு. நம்ம வீட்டு வாத்தியாரு தடவிக்கிட்டே இருந்தாரு."

பொன்னழகு மகளிடம் வீடியோவைக் காட்டினார். அவள் பார்த்துக்கொண்டே வந்து, மஞ்சள் எழுத்து வந்ததும் நெற்றியில் கை வைத்தாள். "பேரை எடுத்தது நான்தான்பா. அடங்கலன்னு…" என்றவள், அங்கேயே அந்த வீடியோவை நீக்கிவிட்டாள்.

"அடங்கலன்னா ரெண்டாப் பிரிச்சுப் போடு" என்றார் பொன்னழகு. "முதல்ல எந்தப் பட்டன்னு ஒண்ணு. எந்தப் போன்ல எந்தப் பக்கம் இருக்கும்னு தேடுறது ஒண்ணு. அமுக்கின உடனே விட்டுறணும்னு எழுது. அங்க மட்டும் இழுக்காத. நான் 'எது, எது'ன்னு உங்கிட்டக் கேக்குறதை வெட்டாத. அது கிடக்கட்டும்."

"கேக்குறவங்க சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும்."

சுகன்யா இன்னும் காலில்தான் இருந்தாள். டூட்டிக்கு நேரமாகிறது என்றாள். வைக்கவில்லை. "அப்பா, மாமாவை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிர்றேன். ஆனா எடுக்க முடியலைன்னா பக்கத்து வீட்டுல சொல்லணும். மறைக்கக் கூடாது. சரியா?"

"சரி தாயி."

"இப்பப் பிடிங்க போட்டோ. எப்படின்னு பார்க்கிறேன்."

சடையாண்டி போனைத் தூக்கிப் பிடித்தார். பொன்னழகு பக்கவாட்டில் குனிந்தார். "வலப்பக்கத்துல ஒத்தையா இருக்குல்ல, அது. இடப்பக்கத்துல கீழ உள்ளது, சத்தம் குறைக்கிறது. ரெண்டையும் ஒரே நேரத்துல. அமுக்கி உடனே விட்டுருங்க. பவி, சரிதானே?"

"சரிதான்பா."

கிளிக் என்றது. திரை ஒரு கணம் சிறுத்து ஓரத்துக்குப் போனது. பவித்ரா பிறகு அதை எடுத்துக் காட்டினாள். சுகன்யா ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி இருந்தாள். மூலையில் ஒரு சின்னச் சதுரம். அதில் வாயைப் பிளந்துகொண்டு சடையாண்டி. அவர் தோளுக்குப் பின்னால் பட்டனை எட்டிப் பார்க்கிற, முழிபிதுங்கிய, முடி நரைத்த ஒருவர். யார் இது என்று பொன்னழகு ஒரு நொடி யோசித்தார்.

இருட்டுமுன் பஸ்ஸில் ஏற்றிவிட இருவரும் நடந்தார்கள். சடையாண்டி துண்டை இந்தத் தடவை தோளில் போட்டு, போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"அது சரி லைன்மேனு. கெடுத்ததும் அந்தப் பட்டன், நல்லாக்குனதும் அந்தப் பட்டன். அது எப்படி?"

பொன்னழகு நடந்துகொண்டே சொன்னார். "சுவிட்சு அண்ணே. போட்டதையே திருப்பிப் போட்டா அணையுது."

"அப்ப சாமானு கெடவே இல்லையா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

பஸ் வந்தது. சடையாண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை எடுத்துப் பார்த்தார், திரும்பப் பையில் வைத்தார். பொன்னழகு நின்றுகொண்டே இருந்தார். சொன்னது சரிதானா என்று பவியிடம் கேட்க வேண்டும். இரண்டு நாள் ஒரு மனுஷனை உறங்கவிடாமல் செய்த சாமான் கெடவே இல்லை என்றால், கெட்டது எது என்றும் கேட்க வேண்டும்.